வெள்ளைச் சேட்டில் கசங்கல், ரையில் தும்பு: சம்பிரதாயப் படத்தைத் திருத்துவது எப்படி?

“அண்ணா, எங்கட அதிபரின்ர மணிவிழா மலருக்கு நான்தான் படம் எடுத்தனான். வெள்ளை நீளக்கைச் சேட், கடும் நீல ரை. காரில இருந்து வந்ததால நெஞ்சுப் பக்கம் முழுக்கக் கசங்கல். பொக்கற்றுக்கு மேல சின்னத் தேத்தண்ணிக் கறை, ரையில பஞ்சுத் தும்பு. போட்டோஷொப்பில Healing Brush ஆல அழிச்சுப் பார்த்தன், சேட் மாப் பூசினமாதிரி வந்திட்டுது. பாடசாலை மண்டபத்தில மாட்டுறதுக்கு 12×18 அங்குலத்தில ஒன்றும் வேணும். எப்படிச் செய்யிறது?”

தம்பி, Healing Brush பிழையான கருவி இல்லை. தும்புக்கு அது நல்லது, கசங்கலுக்குத்தான் சரிவராது. காரணம் அது வேலை செய்யும் விதம். நீங்கள் Alt அழுத்தி எடுத்த இடத்திலிருந்து துணியின் நெசவை மட்டும் கொண்டுவரும். நிறத்தையும் வெளிச்சத்தையும், நீங்கள் தீட்டும் இடத்தின் ஓரங்களைப் பார்த்துத் தானே தீர்மானித்துக்கொள்ளும். சின்னத் தும்பு ஒன்றைச் சுற்றி நாலு பக்கமும் நல்ல துணி இருக்கிறது, அதனால் அது எடுக்கும் முடிவு சரியாக வரும். கசங்கல் அப்படியல்ல. ஒரு பக்க ஓரம் வெளிச்சம், மற்றப் பக்க ஓரம் நிழல். இரண்டையும் கலந்து நடுவில் ஒரு சாம்பல் மெழுகலைப் போட்டுவிடும். அதன் மேல் இன்னொருமுறை தீட்டினால் மெழுகலுக்கு மேல் மெழுகல். உங்கள் படத்தில் மா வந்தது அங்கேதான்.

சேட்டில் கசங்கல் என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் வெளிச்சமும் நிழலும்தான். துணியின் நூலோட்டம் கசங்கிய இடத்திலும் நன்றாகவே இருக்கிறது. ஆகவே நூலோட்டத்தைத் தொடாமல் நிழலை மட்டும் சமப்படுத்த வேண்டும். அதற்கு நெசவை ஒரு லேயரிலும் நிழலை இன்னொரு லேயரிலும் பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். இந்த முறைக்கு ஃப்ரீக்குவென்சி செப்பரேஷன் என்று பெயர். முகத் தோலுக்கு இதைப் பயன்படுத்திப் பலர் பழுதாக்குகிறார்கள். என் அனுபவத்தில் இது உண்மையாகப் பொருந்துவது துணிக்குத்தான்.

கருவியைக் கையில் எடுக்க முதல் எதை அழிப்பது, எதை விடுவது என்று முடிவெடுங்கள். படத்தைத் திரை அளவுக்குச் சிறிதாக்கி நெஞ்சுப் பகுதியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மூன்று வகைக் கோடுகள் தெரியும். ஒன்று, அயன் பண்ணும்போது அல்லது பெட்டியில் மடித்து வைத்தபோது விழுந்த நேர்க்கோட்டு மடிப்பு. கடையில் வாங்கிய புதுச் சேட் என்றால் நெஞ்சுக்குக் குறுக்கே இது கட்டாயம் இருக்கும். இதை முழுதாக எடுத்துவிடலாம். இரண்டு, காரில் இருந்ததால் வயிற்றுக்கு மேலேயும் சீட் பெல்ற் போன வழியிலும் விழுந்த உடைந்த கசங்கல். இதில் பெரும்பகுதியை எடுக்கலாம். மூன்று, கமக்கட்டிலிருந்து நெஞ்சை நோக்கி விரியும் மடிப்பு, முழங்கைக்கு உட்பக்கம் சுற்றும் மடிப்பு, ரைக்குப் பக்கத்தில் தெறி இழுப்பதால் வரும் சின்ன இழுவை. இவை துணிக்குள்ளே ஒரு உடம்பு இருக்கிறது என்று சொல்பவை. இவற்றை அழித்தால் அதிபரின் தலை ஒரு வெள்ளை மட்டையின் மேல் வைத்த மாதிரி நிற்கும். இந்த மூன்றாம் வகையைக் கடைசியில் கொஞ்சம் மங்க வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பார்ப்பவருக்குப் படம் செயற்கையாகத் தோன்றுவது அநேகமாகக் கமக்கட்டு மடிப்புக் காணாமல் போனதால்தான். ஏன் என்று அவர்களால் சொல்ல முடியாது, ஆனால் முகத்தைவிட்டுச் சேட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தும்பு. Ctrl+J ஆல் படத்தின் ஒரு பிரதி லேயர் எடுத்து, Clone Stamp எடுத்து, மேலே Sample என்ற இடத்தில் Current & Below என்று வையுங்கள். இப்போது கவனிக்க வேண்டியது Mode. கடும் நீல ரையில் இருப்பது வெள்ளைத் தும்பு, அதாவது ரையைவிட வெளிச்சமானது. Mode ஐ Darken இல் வைத்தால், கொண்டுவரும் புள்ளி அங்கிருப்பதைவிடக் கறுப்பாக இருந்தால் மட்டுமே ஒட்டும். தும்பு மறையும், பக்கத்தில் இருக்கும் ரையின் கறுப்பு நூல்கள் அப்படியே இருக்கும். வெள்ளைச் சேட்டில் கிடக்கும் கறுப்பு நூல், தலைமயிர் போன்றவற்றுக்கு நேர்மாறாக Lighten. பிறஷின் அளவு தும்பின் அகலத்தைவிடச் சற்றுத்தான் பெரிதாக இருக்க வேண்டும். மூலத்தைத் தூரத்தில் எடுக்காதீர்கள், தும்பிலிருந்து இரண்டு மூன்று பிறஷ் அகலத்துக்குள் எடுங்கள். ரையின் நெசவு அநேகமாகச் சரிவாக ஓடும், ஆகவே அந்தச் சரிவின் வழியிலேயே மூலத்தை எடுத்தால் கோடு முறியாது.

நம் ஊர்ப் படங்களில் இன்னும் இரண்டு சாமான் அடிக்கடி வரும். காலையில் கோயிலுக்குப் போய்வந்தவர்களின் தோளிலும் கொலரிலும் உதிர்ந்த விபூதி, கழுத்தில் போட்ட பவுடர் கொலரின் உள் விளிம்பில் பிடித்த வெள்ளை. கறுப்புக் கோட் என்றால் இவை இரண்டும் நன்றாகவே தெரியும். அதற்கும் இதே Darken முறைதான். ஆனால் பவுடர் ஒரு புள்ளியாக இல்லாமல் புகையாகப் படிந்திருந்தால் Clone Stamp ஆல் துரத்தாதீர்கள், அதைக் கீழே சொல்லும் நிழல் லேயரில் எடுப்பது சுலபம்.

அடுத்தது தேத்தண்ணிக் கறை. கறையில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, ஒன்று மஞ்சள் நிறம், மற்றது கறுப்புத்தன்மை. இரண்டையும் ஒரே அடியில் எடுக்கப் போனால் நெசவும் சேர்ந்து போய்விடும். முதலில் நிறத்தை மட்டும் எடுங்கள். புது லேயர் ஒன்று, அதன் கலப்பு முறை Color. மென்மையான பிறஷ், Flow 20 சதவீதம் அளவில். Alt அழுத்திப் பக்கத்துத் துணியின் நிறத்தை எடுத்துக் கறையின் மேல் தீட்டுங்கள். Color லேயர் வெளிச்சத்தை மாற்றாது, நிறத்தை மட்டும் மாற்றும். ஆகவே நூல் நூலாகத் தெரிவது அப்படியே இருக்கும்.

எங்கிருந்து நிறம் எடுக்கிறீர்கள் என்பதில்தான் பலர் பிழைவிடுவது. வெள்ளைச் சேட் படத்தில் வெள்ளையாக இருப்பதில்லை. யன்னல் வெளிச்சம் விழும் பக்கம் ஒரு வெள்ளை, நிழல் பக்கம் நீலம் கலந்த இன்னொரு வெள்ளை, சுவருக்கு மஞ்சள் பூச்சு இருந்தால் அந்தப் பக்கக் கை மஞ்சள் கலந்த மூன்றாவது வெள்ளை. கறை எந்த வெளிச்சத்தில் இருக்கிறதோ அதே வெளிச்சத்தில் இருக்கும் துணியிலிருந்துதான் நிறம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் கறை போய் நீலக் கறை வந்து நிற்கும்.

தேத்தண்ணிக் கறையைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடு வெளிறியும் சுற்று விளிம்பு கடுமையாகவும் இருக்கும். ஈரம் காயும்போது சாயம் விளிம்பை நோக்கி ஓடி அங்கேயே தங்கிவிடுவதால் வருவது அது. நிறத்தை எடுத்த பிறகு நடுவில் ஒன்றும் தெரியாது, ஒரு மெல்லிய சாம்பல் வளையம் மட்டும் மிஞ்சும். அதை இப்போதைக்கு விடுங்கள். வாழைக் கயர், கறிக் குழம்பின் மஞ்சள் ஆகியவற்றுக்கும் இதே வழிதான். மஞ்சள் கறையின் நிறம் தேத்தண்ணியைவிட அழுத்தமானது, ஆகவே Color லேயரில் அதிக தடவை போகவேண்டிவரும், அவ்வளவுதான்.

இப்போது நெசவையும் நிழலையும் பிரிப்போம். மேலே உள்ள லேயரைத் தெரிந்துகொண்டு Ctrl+Alt+Shift+E அழுத்தினால் இதுவரை செய்ததெல்லாம் சேர்ந்து ஒரு புது லேயர் வரும். அதை Ctrl+J ஆல் ஒரு பிரதி எடுங்கள். கீழே உள்ளதற்கு “நிழல்” என்றும் மேலே உள்ளதற்கு “நெசவு” என்றும் பெயர் வைத்துவிடுங்கள். பெயர் வைக்காவிட்டால் பத்து நிமிடத்தில் எது எது என்று குழம்பும்.

நெசவு லேயரின் கண்ணை மூடிவிட்டு, நிழல் லேயருக்கு Gaussian Blur போடுங்கள். எத்தனை பிக்சல் என்பதுதான் இந்த முறையின் உயிர். 100 சதவீத அளவில் நெஞ்சுத் துணியைப் பார்த்துக்கொண்டு Radius ஐ மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நூலோட்டம் முழுதாக மறைந்து, கசங்கல் மட்டும் மங்கலாக இன்னும் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். 24 மெகாபிக்சல் கமராவில் இடுப்புக்கு மேல் எடுத்த நிலைப் படத்துக்கு இது அநேகமாக 6 இலிருந்து 10 பிக்சலுக்குள் அமையும். குறைவாக வைத்தால் நெசவின் ஒரு பங்கு நிழல் லேயரிலேயே தங்கி, பிறகு நீங்கள் தேய்க்கும்போது அழிந்துபோகும். கூட வைத்தால் கசங்கலே நெசவு லேயருக்கு ஏறிவிடும், நிழல் லேயரில் என்ன செய்தாலும் அது போகாது. வேலை செய்யும்போது “தேய்க்கிறேன், கசங்கல் அசையவில்லையே” என்று தோன்றினால் Radius கூடிவிட்டது என்று அர்த்தம். திரும்பிப் போய்க் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

பிறகு நெசவு லேயரின் கண்ணைத் திறந்து, அதைத் தெரிந்துகொண்டு, Image மெனுவில் Apply Image போங்கள். Layer என்ற இடத்தில் நிழல் லேயரைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் கோப்பு 8 பிற் என்றால் Blending இல் Subtract, Scale 2, Offset 128. 16 பிற் என்றால் Blending இல் Add, Scale 2, Offset 0, கூடவே Invert பெட்டியில் சரி அடையாளம். OK கொடுத்ததும் படம் சாம்பல் நிறமாகி, துணியின் நூலும் தெறியின் விளிம்பும் மட்டும் புடைத்துத் தெரியும். அந்த லேயரின் கலப்பு முறையை Linear Light ஆக்கினால் பழைய படம் அப்படியே திரும்பி வரும். இரண்டு லேயரின் கண்ணையும் சேர்த்து மூடித் திறந்து பாருங்கள், படத்தில் எந்த மாற்றமும் தெரியக் கூடாது. தெரிந்தால் Apply Image இல் ஏதோ ஒரு இலக்கம் பிழை, அல்லது தவறான லேயரைத் தெரிவு செய்திருக்கிறீர்கள்.

வெள்ளைச் சேட்டுக்கு முடிந்தால் 16 பிற்றில் வேலை செய்யுங்கள். வெள்ளையில் மெல்லிய நிழல்களைச் சமப்படுத்தும்போது 8 பிற்றில் படிக்கட்டுப் படிக்கட்டாகக் கோடு விழ வாய்ப்புண்டு.

இனி நிழல் லேயரில்தான் பாதிக்கு மேற்பட்ட வேலை. உங்கள் படத்தில் நெஞ்சின் இடப்புறத்தில், பொக்கற்றின் மேல் மூலையிலிருந்து ரையை நோக்கிச் சரிவாக ஒரு நீளக் கசங்கல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், சீட் பெல்ற் போட்டது. வெளிச்சம் படத்தின் இடப்பக்க யன்னலிலிருந்து வருகிறது. அந்தக் கசங்கலைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கோடு அல்ல, இரண்டு தெரியும். யன்னலைப் பார்த்த பக்கம் சேட்டின் மற்ற இடத்தைவிட வெளிச்சமான ஒரு கீற்று, அதை ஒட்டி மறுபக்கத்தில் ஒரு நிழல் கீற்று. எல்லாரும் நிழலைத்தான் அழிப்பார்கள், ஏனென்றால் கண்ணில் படுவது அது. நிழல் போனதும் வெளிச்சக் கீற்று தனியாக நின்று, துணியில் சோக்கால் கோடு போட்டது போலத் தெரியும். இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

அதற்கு Clone Stamp, Sample இல் Current Layer, மென்மையான பிறஷ், Flow 15 முதல் 20 சதவீதம். Mode இப்போது Normal, முன்பு வைத்த Darken ஐ மாற்ற மறக்க வேண்டாம். பிறஷின் அகலம் கசங்கலின் இரண்டு கீற்றும் அடங்கும் அளவு. கசங்கலுக்கு மேலே, அதே வெளிச்சத்தில் இருக்கும் நல்ல துணியில் மூலம் எடுத்து, கசங்கலின் நீளத்தோடு ஒருமுறை போங்கள். அப்புறம் கசங்கலுக்குக் கீழே மூலம் எடுத்து இன்னொருமுறை. மேலேயும் கீழேயும் மாறி மாறி எடுப்பதால் இரண்டு பக்க வெளிச்சமும் நடுவில் தானாகச் சந்திக்கும். Flow குறைவாக இருப்பதால் ஒரே தீட்டலில் போகாது, போகவும் கூடாது. மூன்று நான்கு தீட்டலில் கரையும்போது எங்கே நிறுத்துவது என்று உங்களால் தெரிவு செய்ய முடியும். நெசவு மேல் லேயரில் பத்திரமாக இருக்கிறது, ஆகவே எவ்வளவு தீட்டினாலும் மா வராது.

இன்னொரு வழி, Lasso ஆல் கசங்கலைச் சுற்றி வளைத்து, Feather 20 பிக்சல் அளவில் கொடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் Gaussian Blur 25 அல்லது 30 போடுவது. வயிற்றுப் பக்கத்தில் சின்னச் சின்ன உடைந்த கசங்கல்கள் கூட்டமாக இருக்கும் இடத்துக்கு இது வேகமான வழி. ஆனால் வளைவுக்குள் ரையின் ஓரமோ, தெறி பூட்டும் பட்டியின் தையலோ, பொக்கற்றின் விளிம்போ வந்தால் கதை வேறு. நீல ரை வெள்ளைச் சேட்டுக்குள் கசிந்து, ஓரத்தில் ஒரு நீலப் புகை நிற்கும். படத்தைச் சின்னதாக்கிப் பார்க்கும்போது அது தெரியாது, 12×18 இல் அச்சடித்து மண்டபத்தில் மாட்டினால் தெரியும். ஆகவே ரைக்குப் பக்கத்தில் வேலை செய்யுமுன் ரையைச் சுற்றிப் Pen Tool ஆல் ஒரு பாதை போட்டுத் தெரிவாக்கி, அதைத் தலைகீழாக்கி, சேட்டை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு Clone Stamp ஆல் செய்யுங்கள். Blur அங்கே வேண்டாம்.

தேத்தண்ணிக் கறையின் மிச்சம் இருந்த சாம்பல் வளையத்தையும் இந்த லேயரிலேயே அதே Clone Stamp ஆல் எடுத்துவிடலாம். கொலரில் புகையாகப் படிந்த பவுடரும் இங்கேதான் போகும்.

இவ்வளவும் செய்த பிறகு, பெட்டி மடிப்பின் நேர்க்கோடு மட்டும் மெல்லிய கத்திக் கீறல் போல இன்னும் நிற்கும். அதன் அகலமான நிழல் போய்விட்டது, ஆனால் கூரான விளிம்பு நெசவு லேயரில் இருக்கிறது. இப்போது நெசவு லேயரைத் தெரிந்துகொண்டு, Clone Stamp ஐ Current Layer இல், இம்முறை Opacity 100, Flow 100, ஓரம் கொஞ்சம் கடினமான சின்னப் பிறஷ். இங்கே மென்மையான பிறஷ் கூடாது, அரைகுறையாக ஒட்டிய நெசவு மங்கிய நெசவாகத்தான் தெரியும். மூலத்தை அதே நூலோட்டத்தில் எடுக்க வேண்டும். சேட்டின் முன்பக்கத்தில் நூல் மேலிருந்து கீழாக நேராக ஓடும், கொலரிலும் கையிலும் வேறு திசையில் ஓடும். நெஞ்சிலிருந்து எடுத்த நெசவைக் கையில் வைத்தால் ஒட்டுப் போட்டது தெரியும். கறையின் விளிம்பில் ஏதாவது கூரான கோடு மிஞ்சியிருந்தால் அதுவும் இங்கேதான் போகும்.

கமக்கட்டு மடிப்புக்கு இப்போதுதான் போக வேண்டும். மேலே இரண்டு Curves லேயர் வையுங்கள், ஒன்றின் நடுவைக் கொஞ்சம் தூக்கி, மற்றதன் நடுவைக் கொஞ்சம் இறக்கி. இரண்டின் மாஸ்க்கையும் கறுப்பாக்கிவிட்டு, வெள்ளைப் பிறஷ் Flow 3 சதவீதத்தில், மடிப்பின் நிழலைத் தூக்கும் லேயரிலும் வெளிச்சக் கீற்றை இறக்கும் லேயரிலும் மெதுவாகத் தீட்டுங்கள். மடிப்பு அரைவாசிக்கு மங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். முழுதாகச் சமப்படுத்த வேண்டும் என்ற ஆசை இந்த இடத்தில்தான் வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அறுபது வயது அதிபரின் சேட், கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்குப் போட்ட சேட் மாதிரி இருக்க வேண்டிய தேவை இல்லை.

வேலை முடிந்ததா என்று வெள்ளைச் சேட்டில் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது, ஏனென்றால் திரையில் வெள்ளைக்குள் இருக்கும் வித்தியாசங்களைக் கண் விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Levels லேயர் வைத்து, இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தை 140 வரை தள்ளுங்கள். முகமும் ரையும் கறுத்துப்போகும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சேட் மட்டும் சாம்பல் நிறத்தில் விரிந்து, நீங்கள் தவறவிட்ட திட்டுகள், ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்ததால் வந்த ஒரே மாதிரிப் புள்ளிகள், ரை ஓரத்துப் புகை எல்லாம் வெளியே வரும். திருத்திவிட்டு அந்த லேயரை அழித்துவிடுங்கள். அதை அழிக்க மறந்து கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினால் கதை முடிந்தது. இதே நேரத்தில் ஒவ்வொரு தெறியையும் பாருங்கள். தெறிக்குக் கீழே விழும் சின்ன நிழலும், பட்டியின் தையல் கோடும் மேலிருந்து கீழ்வரை முறியாமல் இருக்கிறதா? கசங்கலோடு சேர்த்துத் தெறியின் நிழலையும் அழித்திருந்தால் தெறி சேட்டில் ஒட்டாமல் மிதக்கும்.

இந்த முறை கைகொடுக்காத இடங்களும் உண்டு. யன்னல் பக்கத் தோளில் வெள்ளை எரிந்துபோயிருந்தால், அதாவது Info பலகையில் மூன்று நிறமும் 255 காட்டினால், அங்கே நெசவும் இல்லை நிழலும் இல்லை, பிரித்து எடுப்பதற்கு ஒன்றுமில்லை. RAW கோப்பு இருந்தால் அதை மறுபடி திறந்து Highlights ஐ இறக்கி, அந்தப் படத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள். JPEG மட்டும்தான் என்றால், நெசவு லேயரில் பக்கத்து நெசவைக் கொண்டுவந்து, நிழல் லேயரில் அந்த இடத்தைச் சற்று இறக்கி ஒப்பேற்றலாம். சின்ன இடத்துக்கு அது போதும், முழுத் தோளுக்குப் போதாது.

கோடு போட்ட சேட்டும் கட்டம் போட்ட சேட்டும் இன்னொரு தொல்லை. கசங்கிய இடத்தில் நிழல் மட்டுமல்ல, கோடும் வளைந்திருக்கும். நிழலை எடுத்துவிட்டால் வளைந்த கோடு மட்டும் காரணமில்லாமல் நிற்கும், அது கசங்கலைவிட அசிங்கம். சின்ன வளைவு என்றால் Liquify ஆல் கோட்டை நேராக்கலாம். பெரிய கசங்கல் என்றால் நிழலையும் அரைவாசியில் விட்டுவிடுங்கள், கோட்டுக்கும் நிழலுக்கும் பொருத்தம் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதனால்தான் மணிவிழாப் படத்துக்கு வருபவர்களிடம் வெறும் வெள்ளையோ ஒரே நிறமோ போட்டு வரச் சொல்கிறோம்.

இதே சேட்டோடு அதிபர் கடவுச்சீட்டுக்கும் ஒரு படம் எடுத்தால், அதில் இந்த வேலை எதையும் செய்யாதீர்கள். கடவுச்சீட்டுப் படத்தில் திருத்தம் இருக்கக் கூடாது என்பதுதான் விதி. அங்கே கசங்கலைப் போக்க அயன் பெட்டிதான் வழி.

அடுத்தமுறை படம் எடுக்கும்போதே பாதி வேலையைக் குறைக்கலாம். சேட்டை வீட்டிலிருந்து போட்டு வரவேண்டாம், கொழுவியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து ஸ்ரூடியோவில் மாற்றச் சொல்லுங்கள். நம் வெக்கைக்குப் போட்டுப் பத்து நிமிடத்தில் வேர்வை பிடித்துத் துணி முதுகில் ஒட்டத் தொடங்கும், ஆகவே லைற் எல்லாம் சரிசெய்த பிறகுதான் மாற்ற வேண்டும். நெஞ்சில் தொளதொளப்பாக இருந்தால் முதுகுப் பக்கம் துணியைப் பிடித்து இரண்டு உடுப்புக் கிளிப் போடுங்கள், முன்பக்கம் தட்டையாக நிற்கும். ஆனால் அதிகம் இழுத்தால் தெறிகளுக்கு நடுவே துணி வாய் திறக்கும். இருந்தபடி எடுப்பதானால், இருந்த பிறகு சேட்டின் நுனியைக் கீழே இழுத்துவிடச் சொல்லுங்கள், கோட் போட்டிருந்தால் அதன் பின் நுனியில் அவரே இருந்துகொள்ள வேண்டும். தும்புக்கு அகலமான செலோரேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி கையில் சுற்றி, தோளிலும் ரையிலும் ஒற்றி எடுத்தால் போதும்.

கடைசியாக அச்சு. 24 மெகாபிக்சல் படத்தை நிலைவாக்கில் வைத்தால் 4000×6000. 12×18 அங்குலத்துக்கு 300 பிபிஐ கணக்கில் 3600×5400 தேவை, ஆகவே பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை. முழு அளவில் அச்சுக்குக் கொடுக்க முதல், சேட்டின் நெஞ்சுப் பகுதியும் ரையும் வரும்படி 4×6 அங்குலத் துண்டு ஒன்றை, அளவைச் சுருக்காமல் அதே 300 பிபிஐயில் வெட்டி எடுத்து, அதே தாளில் ஒரு பரீட்சை அச்சு எடுங்கள். அதை யன்னலடியில் கையில் பிடித்துப் பாருங்கள். ரை ஓரமும் பொக்கற்றுக்கு மேலே கறை இருந்த இடமும் அதில் சுத்தமாக இருந்தால் முழுப் படத்தையும் கொடுக்கலாம். மலரின் அட்டைக்கும் அதே கோப்புத்தான், அளவை மட்டும் அச்சகம் கேட்கிறபடி குறைத்துக் கொடுங்கள்.